கேரட் சந்தை வகுப்பறையில்: விலை ஏன் நிற்கவில்லை, எப்படி நிற்க வைப்பது

கேள்வி: "கோத்தகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். வகுப்பில் 24 பேர். பாதிப் பேருக்கு விற்பவர் டோக்கன், பாதிப் பேருக்கு வாங்குபவர் டோக்கன் கொடுத்துப் பேரம் பேச விட்டேன். ஒருத்தன் 14 ரூபாய்க்கு விற்றான், பக்கத்து பெஞ்சில் ஒருத்தி 43-க்கு வாங்கினாள். விலை எங்கேயும் நிற்கவில்லை, ஆனால் எல்லா டோக்கனும் விற்றுப்போனது. இதில் எங்கே இருக்கிறது சமநிலை? இன்னொன்று, கேரட் தோட்டக்காரர் வீட்டுப் பையன் 'நாங்க நஷ்டத்துக்கும் விக்கிறோமே சார், இதுல மட்டும் ஏன் கூடாது'ன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

உங்கள் வகுப்பில் நடந்ததில் தவறு எதுவும் இல்லை. இந்த விளையாட்டை முதலில் நடத்தியவருக்கும் இதேதான் நடந்தது. ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களிடம் இப்படிச் சீட்டுகளைக் கொடுத்து, அறைக்குள் சுற்றி வந்து தனித்தனியாகப் பேரம் பேசச் சொன்னார். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 46 சந்தைகளின் முடிவு இருக்கிறது. அதில் 42 சந்தைகளில், பாடப்புத்தகத்தின் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் சொல்வதைவிட அதிக வியாபாரம் நடந்திருந்தது. மீதி நான்கில் சரியாக இருந்தது. ஒன்றில்கூடக் குறையவில்லை. விலையும் சிதறியே கிடந்தது. சமநிலை என்பது தானாக வந்து உட்காராது என்பதற்கு அவர் இதைச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

ஹார்வர்டில் அவரிடம் படித்த வெர்னன் ஸ்மித், பர்டூ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு 1956-இல் அதே விளையாட்டைத் தன் வகுப்பில் நடத்தத் தொடங்கினார். இரண்டே இரண்டு மாற்றங்கள் செய்தார். யார் என்ன விலை சொன்னாலும் அறை முழுவதும் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அதே சீட்டுகளோடு மறுபடி மறுபடி ஆட வேண்டும். விலை வந்து நின்றது. 1962-இல் அதைக் கட்டுரையாக்கினார். 2002-இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்ததற்கு இந்த வேலைதான் அடித்தளம். ஆக உங்கள் வகுப்பில் விடுபட்டது அந்த இரண்டும்தான்.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா? பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்று தெரியாது. நீங்கள் பெஞ்சு பெஞ்சாகப் பேச விட்டது அந்தத் துண்டு வியாபாரம். 43-க்கு வாங்கிய பெண்ணுக்கு அடுத்த பெஞ்சில் 14-க்குச் சரக்கு கைமாறியது தெரிந்திருந்தால் அவள் 43 கொடுத்திருக்க மாட்டாள். பொதுவில் கூவுவது அந்தத் துண்டை எடுத்துவிடுகிறது.

இனி நடத்தும் முறைக்கு வருகிறேன். 24 பேரில் 11 பேர் விற்பவர், 11 பேர் வாங்குபவர். மீதி இரண்டு பேரில் ஒருவர் கரும்பலகையில் எழுத, இன்னொருவர் மேசையில் சீட்டுகளைச் சரிபார்க்க. விற்பவர் சீட்டு மஞ்சள் அட்டை, வாங்குபவர் சீட்டு நீல அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு மூட்டை கேரட், விலையும் லாப நஷ்டமும் மட்டும் கிலோவுக்கு எவ்வளவு என்று பேசுவது. மஞ்சள் சீட்டுகளில் 10, 13, 16, 19, 22, 25, 28, 31, 34, 37, 40 என்று எழுதுங்கள். அது அந்த விற்பவரின் அடக்கம். அதற்குக் கீழே விற்கக்கூடாது. நீலச் சீட்டுகளில் 50, 47, 44, 41, 38, 35, 32, 29, 26, 23, 20. அது அந்த வாங்குபவர் மேலே விற்று எடுக்கப்போகும் விலை. அதற்கு மேல் கொடுத்து வாங்கக்கூடாது. இவை மேட்டுப்பாளையம் மண்டியின் இன்றைய விலை இல்லை, கணக்கு சுலபமாக வருவதற்காக வைத்த எண்கள். பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் கேட்ட விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

லாபக் கணக்கை முதலிலேயே, சீட்டு கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். விற்பவருக்கு, விற்ற விலையில் சீட்டு எண்ணைக் கழித்தால் லாபம். வாங்குபவருக்கு, சீட்டு எண்ணில் வாங்கிய விலையைக் கழித்தால் லாபம். வியாபாரம் ஆகவில்லை என்றால் பூஜ்யம், நஷ்டம் இல்லை. இந்தக் கடைசி வரியை இரண்டு முறை சொல்லுங்கள். சீட்டைக் கையில் வைத்திருந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைத்து எந்த விலைக்காவது தள்ளிவிடுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. லாபத்துக்குக் கடலைமிட்டாய் என்று வைத்தால் கவனம் கூடும். பத்து ரூபாய்க்கு ஒன்று என்று கணக்கு வைத்து, நான்கு சுற்றில் எந்தச் சுற்றுக்குக் கொடுப்பது என்பதைக் கடைசியில் குலுக்கிப்போட்டு எடுங்கள். பதினைந்து மிட்டாயில் காரியம் முடிந்துவிடும், எல்லாச் சுற்றையும் பிள்ளைகள் அக்கறையாக ஆடுவார்கள்.

பேரம் இப்படி நடக்கும். கையைத் தூக்கி, நீங்கள் பெயர் சொன்னதும், வாங்குபவர் "25-க்கு எடுக்கிறேன்" என்றோ விற்பவர் "38-க்குத் தருகிறேன்" என்றோ சத்தமாகச் சொல்ல வேண்டும். பலகையில் இடப்பக்கம் அந்த நேரத்தில் அதிகபட்சமாகக் கேட்ட விலை, வலப்பக்கம் குறைந்தபட்சமாகத் தர ஒப்பிய விலை. புதிதாகச் சொல்பவர் அதைவிட நல்ல விலைதான் சொல்ல முடியும். பலகையில் 25 நின்றால் அடுத்த வாங்குபவர் 26 அல்லது அதற்கு மேலேதான் சொல்லலாம். 38 நின்றால் அடுத்த விற்பவர் 37 அல்லது அதற்குக் கீழே. எதிர்ப்பக்கத்தில் யாராவது "சரி" என்றால் வியாபாரம் முடிந்தது. இரண்டு பேரும் மேசைக்கு வந்து சீட்டைக் கொடுக்க வேண்டும், சரிபார்ப்பவர் இருவர் எண்ணையும் பார்த்து, நஷ்டம் இல்லை என்று உறுதி செய்து, விலையை மட்டும் சத்தமாகச் சொல்வார். பலகையில் அந்த விலை வரிசையாக ஏறும். நின்றிருந்த இரண்டு விலையும் அழிக்கப்பட்டு மறுபடி தொடக்கம். சீட்டு எண்ணை யாருமே வெளியே சொல்லக்கூடாது, நீங்களும் சரியான விலை இதுதான் என்று ஜாடையாகக்கூடக் காட்டக்கூடாது.

முதல் சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும், அடுத்தடுத்தவை நான்கு நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவரவர் சீட்டை அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள். சீட்டை மாற்றினால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், விலை நிற்கத் தாமதமாகும். நான்கு சுற்று வேண்டும், விளக்கமும் வேண்டும். ஆகவே ஒரு பீரியட் போதாது. அடுத்தடுத்து இரண்டு பீரியட் கிடைக்கிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு அதை வைத்துப் பாடம் நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது மேல், ஏனென்றால் முதல் சுற்று எப்போதும் கிட்டத்தட்ட நீங்கள் பார்த்தது போலத்தான் இருக்கும்.

நான்கு சுற்று முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துங்கள். நீலச் சீட்டுக்காரர்கள் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு ஒரு வரிசை, அவர்களுக்கு எதிரே மஞ்சள் சீட்டுக்காரர்கள் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு. இப்போது எதிர் எதிரே நிற்பவர்கள் எண்ணைச் சொல்லட்டும். 50-க்கு எதிரே 10, கைகுலுக்கலாம். 47-க்கு எதிரே 13. இப்படியே போய் ஏழாவது ஜோடி 32-க்கு எதிரே 28, அதுவும் சரி. எட்டாவது ஜோடியில் வாங்குபவர் 29, விற்பவர் 31. இருவரும் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அந்த இடம்தான் சமநிலை. ஏழு மூட்டை கைமாறும், விலை 29-க்கும் 31-க்கும் இடையே. பலகையில் நான்காவது சுற்றின் விலைகள் 30-ஐச் சுற்றியே இருப்பதை அப்போது திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு வரிசைகளையும் அப்படியே படிக்கட்டுபோல வரைந்தால் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வந்துவிடும். அந்தப் படத்தை விளையாட்டுக்கு முன்னால் வரைந்து காட்டினால் பிள்ளைகள் 30 என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஏன் 30-க்கு வருகிறது என்பதற்கும் இதே எண்கள் போதும். விலை 36 என்று வைத்துக்கொண்டால் விற்கத் தயாராக ஒன்பது பேர், வாங்க முடிந்தவர்கள் ஐந்தே பேர். சரக்கோடு நிற்கிற நான்கு பேரில் ஒருவர் 35 என்பார், இன்னொருவர் 33 என்பார். 24 என்றால் தலைகீழ்: வாங்க ஒன்பது பேர், விற்க ஐந்து பேர். இப்போது வாங்குபவர்கள் விலையை ஏற்றிக் கேட்பார்கள். இதற்கு யாருக்கும் அடுத்தவர் சீட்டு தெரிய வேண்டியதில்லை, பலகையில் ஓடுகிற விலையைப் பார்த்தால் போதும். இவ்வளவு குறைவான பேர் இருந்தாலும் கூவுகிற ஏலத்தில் விலை சமநிலையை நெருங்கும் என்பது 1962-க்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம், அதைத் தைரியமாகச் சொல்லலாம். மேலிருந்து இறங்குமா கீழிருந்து ஏறுமா, இரண்டாவது சுற்றிலேயே நிற்குமா நான்காவதிலா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வகுப்புக்கு வகுப்பு மாறும், பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லா டோக்கனும் விற்றுப்போனது என்றீர்களே, அதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும், வகுப்பில் பாதிப் பேர் அதுதான் நல்ல சந்தை என்று நினைப்பார்கள். மேலே உள்ள சீட்டுகளிலேயே 11 மூட்டையையும் விற்க வழி உண்டு. 50 ரூபாய்க்காரர் 40 அடக்கமுள்ளவரிடம் வாங்கட்டும், 47-க்காரர் 37-இடம், இப்படியே கடைசியில் 20-க்காரர் 10-இடம். ஒவ்வொரு ஜோடிக்கும் சரியாகப் பத்து ரூபாய் மிச்சம், மொத்தம் 110. ஏழே மூட்டை கைமாறிய சந்தையில் ஜோடிகளின் மிச்சம் 40, 34, 28, 22, 16, 10, 4, மொத்தம் 154. நான்கு வியாபாரம் அதிகமாக நடந்து 44 ரூபாய் குறைந்திருக்கிறது. எதனால் என்றால், 40 ரூபாய் செலவில் விளைந்த கேரட்டும் விற்கப்பட்டது, 20 ரூபாய்க்கு மேல் மதிக்காதவர் கைக்கும் கேரட் போனது. துண்டு மூடிய சந்தையில்தான் இப்படி ஆகும், ஏனென்றால் அதிக அடக்கமுள்ள விற்பவர் அவசரக்கார வாங்குபவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துவிடுகிறார். ஆகவே ஒரு சுற்றில் ஏழுக்கு மேலே, ஒன்பது, பத்து என்று வியாபாரம் நடந்தால் எங்கோ கோளாறு என்று அறிந்துகொள்ளலாம்.

அந்தக் கோளாறுகளில் அடிக்கடி வருவது, சீட்டில் உள்ள எண்ணையே விலை என்று நினைத்துவிடுவது. 47 சீட்டு வைத்திருக்கும் பிள்ளை எழுந்ததும் "47-க்கு எடுக்கிறேன்" என்பாள். முதல் சுற்றின் விலைகள் சீட்டு எண்களாகவே இருந்தால் இதுதான் நோய். நிறுத்தி, லாபக் கணக்கை ஒரு பொய்ச் சீட்டை வைத்துப் பலகையில் போட்டுக் காட்டிவிட்டுத் தொடருங்கள். இரண்டாவது, எழுதுபவர் பின்தங்குவது. மூன்று வியாபாரம் முடிந்தும் பலகையில் ஒன்றுதான் ஏறியிருக்கிறது என்றால் நீங்கள் மறுபடி துண்டைப் போட்டு மூடிவிட்டீர்கள். வேகமாக எழுதுகிற பிள்ளையை அங்கே நிறுத்துங்கள். மூன்றாவது, 37, 40 அல்லது 20, 23 சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் சுற்றுக்குச் சுற்று சும்மா உட்கார்ந்திருப்பது. அவர்களுக்கு விளையாட்டு அலுக்கும், மனசும் நோகும். வியாபாரம் ஆகாத ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்களை விலை எழுதும் வேலைக்கு மாற்றி விடலாம், சரியாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்ததற்காக ஒரு மிட்டாயும் கொடுக்கலாம்.

விலை நின்ற பிறகு தேவையை மாற்றிக் காட்டலாம். ஓணம் வருகிறது, கேரளத்து லாரிகள் நிற்கின்றன என்று சொல்லி எல்லா நீலச் சீட்டிலும் ஆறு ரூபாய் கூட்டிவிடுங்கள், காரணத்தை வாங்குபவர்களிடம் மட்டும் சொல்லலாம். விலை எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டி எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலானவர்கள் 36 என்பார்கள். வரிசையில் நிறுத்திப் பார்த்தால் எட்டு ஜோடி கைகுலுக்கும், விலை 32-க்கும் 34-க்கும் இடையே. ஆறு கூட்டியதற்கு மூன்றுதான் ஏறியது. இதுவரை சும்மா இருந்த 31 ரூபாய் அடக்கக்காரர் உள்ளே வந்துவிட்டார், அவர் சரக்கு ஏற்றத்தில் பாதியை உறிஞ்சிக்கொண்டது. இதைப் பிள்ளைகள் எண்ணாகப் பார்ப்பது, தேவை கூடினால் விலை ஏறும் என்று மனப்பாடம் செய்வதைவிட வெகு தூரம் போகும்.

இப்போது அந்தப் பையனின் கேள்வி. அவன் சொன்னது முழுக்கச் சரி, நீங்கள் கொடுத்த விதியில்தான் ஒரு வார்த்தை விடுபட்டிருக்கிறது. அடக்கத்துக்குக் கீழே விற்கக்கூடாது என்றால் எந்த அடக்கம்? விதைக்கும் முன்னால் கேட்டால் விதை, உரம், மருந்து, களையெடுப்புக் கூலி, அறுவடை, லாரி எல்லாமே அடக்கம். மூன்று மாதத்துக்கு மேல் ஆகி, கேரட் மண்ணுக்குள் தயாராக நிற்கும்போது கேட்டால், விதைக்கும் உரத்துக்கும் போட்ட பணம் போய்விட்டது, விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்ப வராது. அப்போது அடக்கம் என்பது பறிக்கிற கூலி, கழுவுகிற காசு, சாக்கு, லாரி வாடகை மட்டும். காத்திருக்கலாமா என்றால் கொஞ்ச நாள்தான், அதற்கு மேல் கேரட் வெடிக்கும், நடுத்தண்டு கட்டையாகிவிடும். மூட்டை மண்டியில் இறங்கிவிட்டால் லாரி வாடகையும் செலவான கணக்கில் போய்விடும். அதற்குப் பிறகு கிடைக்கிற எந்த விலையும் திருப்பிக் கொண்டுபோவதைவிட மேல்தான். கேத்தியிலோ முத்தோரையிலோ பறிக்காமல் விட்ட பாத்தியைப் பிள்ளைகள் பார்த்திருந்தால், பறிகூலியும் லாரிக் காசும்கூடத் தேறாத விலை அது என்று புரிந்துகொள்வார்கள்.

இதை விளையாட்டிலேயே காட்டலாம். மஞ்சள் சீட்டில் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு வரி எழுதுங்கள். "சாகுபடிக்குச் செலவானது" என்று 2, 5, 8 தொடங்கி 32 வரை. "இனிமேல் பறிக்க, கழுவ, லாரிக்கு" என்று எல்லோருக்கும் 8. இரண்டையும் கூட்டினால் பழைய 10, 13 முதல் 40 வரையிலான எண்களே வரும். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது என்று ஒவ்வொரு விற்பவருக்கும் இரண்டு மூட்டை கொடுங்கள். வாங்குபவர்களுக்குப் பழைய நீலச் சீட்டு, ஆளுக்கு ஒன்றுதான். 22 மூட்டைக்கு 11 ஆள். இரண்டாவது வரிக்குக் கீழேதான் விற்கக்கூடாது என்பது புதிய விதி, லாபம் போடும்போது இரண்டு வரியையும் கழிக்க வேண்டும். விற்காத மூட்டைக்கு முதல் வரி மட்டும் நஷ்டம்.

முதல் சில வியாபாரங்களுக்குப் பிறகு விலை இறங்கிக்கொண்டே போகும். கணக்குப்படி அது 8 வரை வர வேண்டும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இப்படி அடிவாங்குகிற சந்தையில் இறக்கம் மெதுவாக இருக்கும், இரண்டு மூன்று சுற்றில் 8-ஐத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிட்டால் ஆட்டம் தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பையனின் கேள்விக்கான பதில் நஷ்டக் கணக்கில் இருக்கும். சாகுபடிக்கு 20 போட்டவர் 11-க்கு விற்றால் அந்த மூட்டையில் அவருக்கு 17 நஷ்டம், விற்காமல் இருந்திருந்தால் 20 நஷ்டம். அவர் நஷ்டத்துக்கு விற்றது தெரிந்தே செய்த சரியான முடிவு.

நேரம் இருந்தால் அடுத்த வருடத்தையும் ஆடிப் பாருங்கள். போன விலையைப் பார்த்து, இந்த முறை விதைப்பதா இல்லையா என்று ஒவ்வொரு விற்பவரும் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துத் தரட்டும். இப்போது இரண்டு வரியும் சேர்ந்ததுதான் அடக்கம், பணம் இன்னும் கையில் இருக்கிறது. போன விலை 10 என்று எல்லோரும் அதையே நம்பினால் 10 அடக்கமுள்ள ஒரே ஒருவர்தான் விதைப்பார். இரண்டே மூட்டை வரும், விலை 44-க்கும் 47-க்கும் இடையே போய் நிற்கும். அதைப் பார்த்து அடுத்த முறை 11 பேரும் விதைத்தால் மறுபடி 22 மூட்டை, விலை மறுபடி தரையில். வகுப்பில் விலை இவ்வளவு கடுமையாக ஆடாது, எல்லோரும் விதைக்காமல் விடுவார்கள் என்று கணக்குப் போட்டு விதைக்கிற இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள், அதனால் ஏற்ற இறக்கம் போகப்போகக் குறையும்.

பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த அறையில் விற்பவரும் விலை கூவுகிறார். மண்டி ஏலத்தில் வியாபாரிகள்தான் கேட்கிறார்கள், தோட்டக்காரர் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஒரு மண்டியில் முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்கே சரக்கைக் கொண்டுபோயாக வேண்டும், கமிஷன் கழியும், கேரட்டும் ரகம் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு ரகத்துக்கு ஒரு விலை போகும். இவை எதுவும் நம் சீட்டில் இல்லை. இதில் ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்க்க விரும்பினால், வாங்குபவர் மட்டும் கூவலாம், விற்பவர் "சரி" அல்லது "வேண்டாம்" மட்டும் சொல்லலாம் என்று விதியை மாற்றி, முதலில் கொடுத்த பழைய சீட்டுகளோடு மூன்று சுற்று நடத்துங்கள். அந்த விலைகளைப் பழைய நான்காவது சுற்றின் விலைகளுக்குப் பக்கத்திலேயே பலகையில் எழுதி வையுங்கள்.